போட்டோவின் பின்பக்கத்தில் தாத்தா எழுதியதை அரபியில் சொல்வது எப்படி?

கேள்வி: “நாகூர் வீட்டுப் பெட்டியில் நாற்பது பழைய போட்டோக்கள் இருக்கின்றன. பின்பக்கம் தாத்தா தன் கையால் தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறார். அக்கா பிள்ளைகள் ஜித்தாவில் வளர்கிறார்கள். அரபி படிப்பார்கள், தமிழ் எழுத்து தெரியாது. அவர்களுக்காக மொழிபெயர்க்க நினைக்கிறேன். பல இடங்களில் மை மங்கிவிட்டது. ஒன்றில் ‘துன்முகி ஆடி … ப் பெருநாள். வாப்பா, மாமா, … த்தா, நான். ரஜூலா ஏறு … முன்’ என்று மட்டும் தெரிகிறது. விட்டுப்போனதை ஊகித்து நிரப்பலாமா, அப்படியே விடலாமா?”

நிரப்பலாம். ஆனால் எதை நிரப்பினீர்கள் என்பது அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எதை நிரப்பக்கூடாது என்பதையும் முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். அஃப்ஸலுல் உலமா என்ற அரபிப் படிப்பை முடித்துவிட்டு வளைகுடாவில் பல ஆண்டுகள் பத்திரங்களை மொழிபெயர்த்துப் பிழைத்தவன் நான். ஊர் திரும்பிய பிறகு உறவினர்களின் ஆல்பங்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. பத்திரத்தில் ஒரு சொல் அழிந்திருந்தால் ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். குடும்பப் படத்தில் அது போதாது, ஏனென்றால் அழிந்த அந்த ஒரு சொல்தான் பெரும்பாலும் ஒரு மனிதர். உங்கள் வரியையே எடுத்துக்கொண்டு போகிறேன். மற்ற முப்பத்தொன்பதுக்கும் வழி அதிலேயே கிடைத்துவிடும்.

மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன் இன்னும் கொஞ்சம் படித்துப் பாருங்கள். மங்கிய மை என்பது பாதி நேரம் நம் கண்ணின் குறைதான். பின்பக்கத்தை வண்ணத்திலேயே 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் செய்தால் பயன்படக்கூடிய வேறுபாடு தொலைந்துவிடும். பிறகு ஏதாவது ஒரு பட மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அலைவரிசைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். நீல மை சிவப்பு அலைவரிசையில் கருத்துத் தெரியும், அதே இடத்தில் காகிதத்தின் மஞ்சள் கறை ஏறக்குறைய மறைந்துவிடும். பழுப்பாகிப்போன பழைய மைக்கு நீல அலைவரிசையைப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியதென்றால் மை போனாலும் அழுத்திய தடம் இருக்கும். அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சைக் காகிதத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்கள் நிழல் காட்டும். ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுத்த படமாக இருந்தால் அந்தக் கறுப்பு அட்டையையும் தேடுங்கள். ‘இல்லவே இல்லாத’ சொல், பின்பக்கத் தோலோடு சேர்ந்து அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துள்ள முகம் அட்டையோடு ஒட்டியிருப்பதால், நல்ல வெளிச்சம் காட்டினால் சில நேரம் இடவலம் மாறித் தெரியும். படம் எடுத்துத் திருப்பிப் போட்டுப் படிக்கலாம். தண்ணீர் தடவிப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்துக் காப்பியிங் பென்சில் ஈரம் பட்டதும் ஊதாவாகப் பரவிவிடும், பிறகு படிக்க ஒன்றும் மிஞ்சாது. மேலேயே எழுதி ‘தெளிவாக்குவதும்’ வேண்டாம். ரசாயனம் எதுவும் நான் பயன்படுத்தியதில்லை, சொல்லவும் தகுதியில்லை.

இனி வரிக்கு வருவோம். துன்முகி அறுபது ஆண்டுச் சுழற்சியில் முப்பதாவது. அது 1896லும் 1956லும் 2016லும் வரும். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. ‘மு’வின் கொக்கி மங்கியிருந்தால் அது துன்மதியாகவும் இருக்கலாம், துன்மதி என்றால் 1921 அல்லது 1981. இந்தச் சந்தேகத்தைத் தாத்தாவே தீர்த்துவைத்திருக்கிறார். ரஜூலா என்பது சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்க்கொண்டிருந்த கப்பல். அது கட்டப்பட்டது 1926இல், அதன் ஓட்டம் 1970களில் முடிந்துபோனது. ஆகவே 1896ம் இல்லை, 1921ம் இல்லை, 1981ம் இல்லை. 1956தான். இது ஊகம் இல்லை, உறுதி. அரபியில் கேள்விக்குறி எதுவும் இல்லாமலே ஆண்டைக் குறிக்கலாம். ஆனால் ‘துன்முகி’யைத் தூக்கி எறிந்துவிட்டு 1956 என்று மட்டும் போட வேண்டாம். தாத்தா எழுதியது துன்முகி, கணக்குப் போட்டது நீங்கள். இரண்டும் இருக்கட்டும்.

அடுத்தது பெருநாள். ‘ப்’ என்ற ஒற்று மிஞ்சியிருக்கிறது, அதற்கு முன்னால் இருந்தது நோன்பா ஹஜ்ஜா என்பதுதான் கேள்வி. ‘நோ’ எழுத இரட்டைக்கொம்பும் காலும் வேண்டும், ஆகவே ‘நோன்பு’ கூடுதல் இடம் பிடிக்கும் என்று இடைவெளியை அளந்து பார்க்கிறவர்கள் உண்டு. நானும் அளந்திருக்கிறேன். கையெழுத்தில் அதை நம்ப முடியாது. ஆனால் மாதம் ஆடி. ஹிஜ்ரி 1375இன் ரமளான் 1956 மே மாதம் இரண்டாவது வார வாக்கில் முடிந்துவிட்டது, அது சித்திரைக் கடைசி. துல்ஹஜ் பத்தாம் நாள் ஜூலை 19, 20 வாக்கில் வருகிறது. ஆடி பிறப்பது ஜூலை நடுவில். பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆனாலும் ஆடிக்குள் விழக்கூடிய பெருநாள் ஹஜ்ஜுப் பெருநாள் ஒன்றுதான். சொல் காகிதத்தில் இல்லை, ஆனால் என்ன சொல் என்பதில் ஐயமில்லை. இப்படிப்பட்டதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும்: ஈத் அல்[அள்ஹா]. அடைப்புக்குள் இருப்பது காகிதத்தில் இல்லை என்று ஒரே ஒரு முறை முதல் பக்கத்தில் சொல்லிவிட்டால் போதும்.

‘… த்தா’ அவ்வளவு எளிதில்லை. உங்கள் ஊர்ப் பேச்சில் லாத்தா என்றால் அக்கா. அத்தா என்று தகப்பனாரை அழைக்கும் வீடுகளும் டெல்டாவில் நிறைய உண்டு, ஆனால் அதே வரியில் வாப்பா என்று எழுதியிருப்பதால் அத்தாவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சரி, லாத்தா என்றே வைத்துக்கொள்வோம். லாத்தா கூடப்பிறந்தவரா, பெரியம்மா மகளா, பக்கத்து வீட்டுப் பெரியவரா? தமிழில் மூவரையும் அந்த ஒரே சொல்லால் கூப்பிடுவோம். அரபியில் ‘உக்தீ அல்குப்ரா’ என்று எழுதிவிட்டால் அது ரத்த உறவுக்கான சான்றிதழ் ஆகிவிடும். நாளை ஒரு பிள்ளை அதைப் பார்த்துக் குடும்ப மரம் வரைந்தால், கொள்ளுத்தாத்தாவுக்கு இல்லாத ஓர் அக்காள் அதில் முளைத்துவிடுவார். இங்கே எழுத்து போனதால் ஒரு சந்தேகம், எழுத்து இருந்தாலும் தீராத சந்தேகம் இன்னொன்று. இரண்டையும் ஒரே கேள்விக்குறியில் அடக்கக்கூடாது. அடைப்புக்குள் ‘உக்தீ அல்குப்ரா’ என்று போட்டு, கேள்விக்குறியும் போட்டு, கீழே ஒரு வரியில், தமிழில் இந்தச் சொல் மூத்த ஒன்றுவிட்ட சகோதரியையும் குறிக்கும் என்று எழுதிவிடுங்கள். படத்தில் இளம் பெண் யாரும் இல்லையென்றால் இந்த வாசிப்பையே கைவிட்டுவிட்டு இடத்தைக் காலியாக விடுங்கள்.

‘மாமா’ முழுதாகப் படிக்கக் கிடைக்கிறது, ஆனாலும் இந்த வரியிலேயே எனக்குப் பயமூட்டும் சொல் அதுதான். அம்மாவின் சகோதரர் என்றால் அரபியில் ‘கால்’. அத்தையின் கணவர் என்றால் ‘ஸவ்ஜுல் அம்மா’. மாமனார் என்றால் வேறு சொல். மூவரையும் பொதுவாகச் சொல்ல அரபியில் ஒரு சொல் இல்லை. ‘கரீப்’, அதாவது உறவினர், என்று நழுவலாம், ஆனால் வரி உப்பில்லாமல் போய்விடும். சொல்லை அப்படியே அரபி எழுத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். அரபிப் பிள்ளைகள் ‘மாமா’ என்று அழைப்பது பெற்ற தாயை. மீசை வைத்த ஒருவரின் படத்துக்குக் கீழே ‘தாயார்’ என்று வந்துவிடும். கூடவே இன்னொரு வேடிக்கை: ஐன் எழுத்தில் தொடங்கும் அரபி ‘அம்மா’ நம் அத்தை. என் கருத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டும் தெரியவில்லையென்றால் ‘காலீ’ என்று போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறியும் போடுங்கள். அடைப்பு வேண்டாம், சொல் காகிதத்தில் இருக்கிறதே. அடைப்பு என்றால் எழுத்தில் இழப்பு, கேள்விக்குறி என்றால் பொருளில் ஐயம் என்ற வேறுபாட்டை நாற்பது படங்களிலும் மாறாமல் வைத்திருங்கள்.

இந்த எச்சரிக்கை ஒரு அடி வாங்கியதால் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்காக ‘அப்பாவுடன் தோப்பில்’ என்ற குறிப்பை ‘மஅ வாலிதீ’, என் தகப்பனாருடன், என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன். கடலோர முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தகப்பனார் வாப்பா, அப்பா என்றால் பாட்டனார். அது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆனால் அன்றைக்கு நினைவில் வரவில்லை. தலை நரைத்தவரை வாலித் என்று சட்டம் போட்டு மாட்டிவைத்து, ஒரு பெருநாளன்று வந்த பெரியம்மா பார்த்துச் சிரித்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. அதிலிருந்து, எந்த ஆல்பத்தையும் தொடும் முன் அந்த வீட்டில் யாரை எப்படி அழைப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வரியில் ‘வாப்பா’ இருப்பது நல்லதாகப் போயிற்று. ஜித்தாப் பிள்ளைகளுக்கு ‘அல்வாலித்’ என்று கொடுங்கள், அங்கே தகப்பனாரை மரியாதையாகச் சொல்லும் வழக்கு அது. அந்தத் தகப்பனார் எழுதியவருடைய தகப்பனார் என்பதை மட்டும் எங்காவது சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் யாருடைய வாலித் என்று திகைப்பார்கள்.

கப்பலுக்கு வருகிறேன். ‘ரஜூலா ஏறு … முன்’. உயிர்க்குறி இல்லாமல் அரபியில் இதை எழுதினால் முதலில் கண்ணில் படுவது ‘ருஜூலா’, அதாவது ஆண்மை. ஆகவே ‘ரா’வுக்கு அடுத்து ஓர் அலிஃபைச் சேர்த்து நீட்டி எழுதுங்கள், மேற்கோள் குறிக்குள் போடுங்கள், முன்னால் ‘அல்பாகிரா’, நீராவிக் கப்பல், என்ற சொல்லையும் வையுங்கள். தாத்தாவுக்கு அது தேவைப்படவில்லை. 1956இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா என்றால் யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள். ‘ஏறு’வுக்குப் பிறகு போன எழுத்து பற்றி நீங்கள் கவலைப்படுவது தெரிகிறது. ஏறும் முன் என்றாலும் ஏறுவதற்கு முன் என்றாலும் அரபியில் ஒன்றுதான், ஆகவே அங்கே அடைப்பே வேண்டாம். தமிழில் இழப்பு இருக்கிறது என்பதற்காக அரபியில் இல்லாத ஓட்டையை உண்டாக்கக்கூடாது. அதைவிட முக்கியமானது, யார் ஏறினார்கள் என்பதைத் தமிழ் சொல்லவில்லை. அரபி வினையை எடுத்தால் ஒருவரா இருவரா பலரா, ஆணா பெண்ணா என்று சொல்லியே தீர வேண்டியிருக்கும், சொன்ன கணமே நீங்கள் கதை கட்டிவிட்டீர்கள். வினைப்பெயரில் தப்பிக்கலாம்: ‘கப்ல ருகூபில் பாகிரா’, கப்பல் ஏறலுக்கு முன். எத்தனை பேர் போனார்கள், யார் கரையிலேயே நின்றார்கள் என்பது தாத்தா விட்ட இடத்திலேயே நிற்கும். ‘அவர்’ என்று வரும் குறிப்புகளிலும் இதே தந்திரம் உதவும்.

குறிகளைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளைப் பதிப்பிப்பவர்கள் ஐயமான எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அரபியில் செய்துவிடாதீர்கள். பா, தா, ஸா, நூன், யா எல்லாம் சொல்லின் நடுவே ஒரே பல்லாக நின்று புள்ளியால் மட்டும் வேறுபடுகிறவை. நீங்கள் வைக்கும் ஐயப்புள்ளி வேறொரு சொல்லை உண்டாக்கிவிடும். அரபிச் சுவடிப் பதிப்பாளர்களிடம் நல்ல பழைய சொற்களே இருக்கின்றன. அழிந்து படிக்க முடியாததற்கு ‘தம்ஸ்’, எழுதியவரே காலியாக விட்டதற்கு ‘பயாள்’, ஊகத்துக்கு ‘லஅல்லஹு’, ஒருவேளை இதுவாக இருக்கலாம் என்று பொருள். பிள்ளைகளுக்கு இவை கனமாகப் பட்டால் ‘கைரு மக்ரூ’, படிக்க முடியாதது, என்றே போடலாம். கிழிந்து போனதை மங்கியதோடு சேர்க்காமல் ‘முமஸ்ஸக்’ என்று தனியாகச் சொல்லுங்கள். மங்கியதை நாளை யாராவது நல்ல விளக்கில் படித்துவிடலாம், கிழிந்ததை முடியாது. கணினியில் தட்டும்போது தேதிக்கு நடுவில் சிறு கோடு போடாதீர்கள். வலமிருந்து இடமாகப் போகும் வரியில் நாளும் ஆண்டும் இடம் மாறிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதினால் தொல்லையில்லை. ஜித்தாவில் ஜூலை ‘யூல்யூ’. சிரியா, இராக் பக்கம் வளர்ந்த பிள்ளைகளாக இருந்தால் ‘தம்மூஸ்’ என்று எழுத வேண்டியிருந்திருக்கும்.

மற்றப் படங்களில் பெயர்கள் வரும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மைதீனை ‘முஹ்யித்தீன்’ என்று திருப்புவதில் தவறில்லை. காதர் அப்படியில்லை, அது காதிராகவும் இருக்கலாம், கிள்ராகவும் இருக்கலாம். அரபியில் எழுத்தே வேறு. ஆமினாவும் அமீனாவும் ‘ஆ’வின் சுழியும் ‘மீ’யின் சுழியும் மங்கினால் ஒன்றாகிவிடும். இதற்குப் புத்தகம் உதவாது, மையவாடியில் மீசான் கல் உதவும். அதில் பெயரை அரபியிலேயே பொறித்திருப்பார்கள். பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். குறிப்பின் தலையில் 7 … 6 என்று அரைகுறையாக எண் தெரிந்தால் அது ஸ்டுடியோ எண் இல்லை, பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786ஆகத்தான் இருக்கும். அரபுநாட்டில் அந்த வழக்கம் கிடையாது, ஆகவே எண்ணை எண்ணாகவே விட்டு அடியில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பாட்டியின் கையெழுத்தில் அரபி எழுத்துபோல ஏதாவது வந்தால் நிதானமாகப் பாருங்கள். அரபுத் தமிழாக இருக்கும். அக்கா பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள், ஒன்றும் புரியாது, கொள்ளுப்பாட்டிக்குச் சரியாக அரபி எழுதத் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதுவும் தமிழ்தான், அதையும் மொழிபெயர்க்க வேண்டும். அதில் ஒரு புள்ளி மங்கினாலும் மெய்யெழுத்தே மாறும் என்பதால் உரக்க வாசித்துப் பார்த்து, தமிழ்ச் சொல்லாகக் காதில் விழுகிறதா என்று சோதியுங்கள்.

ஆக உங்கள் வரி என் கையில் இப்படி நிற்கிறது. தமிழ் எழுத்தில் அரபி ஒலியைத் தருகிறேன். ‘ஈத் அல்[அள்ஹா], ஆடி, துன்முகி (யூல்யூ 1956). அல்வாலித், வ காலீ?, வ [உக்தீ அல்குப்ரா?], வ அனா. கப்ல ருகூபில் பாகிரா “ராஜூலா”.’ வளைந்த அடைப்புக்குள் இருப்பது உங்கள் கணக்கு, சதுர அடைப்புக்குள் இருப்பது காகிதம் இழந்தது, கேள்விக்குறி இன்னும் விசாரிக்க வேண்டியது. இதற்கு மேலே தமிழ் வரியை, ஓட்டைகளோடு, எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். இதையெல்லாம் தனித் தாளில் எழுதி எண் கொடுங்கள், போட்டோவின் முதுகில் வேண்டாம். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு உங்கள் குடும்பத்தில் மிக மூத்த பெண்மணியிடம் போங்கள். பின்பக்கத்தைக் காட்டாமல் முன்பக்கத்தை மட்டும் காட்டி, அந்தப் பெண் யார், மீசைக்காரர் யாருக்கு என்ன உறவு என்று கேளுங்கள். பின்பக்கத்தைக் காட்டினால் அவரும் நம்மைப்போல ஊகிக்கத் தொடங்கிவிடுவார்.